சிவப்பில் விழுந்த ஓட்டைகள்

அண்ணி வந்து கதவருகே நின்றபோது நாத்தனார் கண்ணாடி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். நனைத்த பிஸ்கட் எத்தனை நொடி தாங்கும் என்று தெரிந்தவள்தான். ஆனாலும் அண்ணியின் முகத்தைப் பார்த்த நேரத்தில் அது பாதியாக முறிந்து கோப்பைக்குள் போய்விட்டது.

கண்ணாடி என்பது வீட்டில் வைத்த பெயர். சின்ன வயதிலேயே மூக்கின் மேல் ஏறிய கண்ணாடி இன்னும் இறங்கவில்லை, பெயரும் இறங்கவில்லை. வெளியே அவள் ஒரு கல்லூரி நூலகத்தின் உதவி நூலகர். நூலகத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை, அதில் ஒரு கணினி, இரண்டு நாற்காலி, திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர் தெரிகிற ஒரு ஜன்னல். மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளைத் திருட்டு எழுத்து கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஏற்றி, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று வருகிற அறிக்கையை அவரவர் வழிகாட்டிப் பேராசிரியருக்கு அனுப்புவது அவள் வேலைகளில் ஒன்று. அந்த அறைக்கு வருகிற யாரும் வணக்கம் சொல்வதில்லை. "எத்தனை?" என்பார்கள். அவ்வளவுதான்.

அண்ணி அந்தக் கல்லூரி மாணவி அல்ல. நகரத்தின் மறுபக்கத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில், வேலை பார்த்துக்கொண்டே செவிலியர் மேற்படிப்புப் படிக்கிறாள். பெரிய மருத்துவமனையில் இருபது வருஷமாக வார்டு பார்ப்பவள். வெள்ளைக் காலணியைக்கூட மாற்றாமல் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். கைப்பேசியை உள்ளங்கையில் வைத்து முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு ஜனங்கள் அவள் முன்னால் எப்படி வந்து நிற்பார்களோ, அப்படி.

"இருபத்திரெண்டு" என்றாள்.

"முதல்ல உக்காருங்க அண்ணி."

"உக்காந்தா குறையுமா?"

"குறையாது. ஆனா எனக்குக் கழுத்து வலிக்கும்."

அண்ணி உட்கார்ந்தாள். கைப்பேசியை மேஜை மேல் வைத்தாள். பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல கைடு நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை தீசிஸ் கொடுக்கணும். பதினஞ்சுக்குள்ள இருக்கணும்னு ரூல். அவங்க கையெழுத்துப் போடலைன்னா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்கு இல்லைம்மா. வார்டுல லீவு வாங்கி வாங்கி, இனிமே கேக்க மூஞ்சி இல்லை. காப்பி அடிச்சான்னு ஒரு தடவை பேர் வந்துடுச்சுன்னா, நான் மருந்துச் சீட்டுல எழுதுறதைக்கூட யாரும் நம்ப மாட்டாங்க."

"நீங்க காப்பி அடிச்சீங்களா?"

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் இப்படிக் கேட்டுவிட்டாளே என்கிற பார்வை அது. கோபமும் இருந்தது.

"நான் எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி" என்றாள் கண்ணாடி. "கேட்டுட்டாத்தான் மேல பேச முடியும்."

"இல்ல."

"சரி. காமிங்க."

பத்து நாளுக்கு முன்னால் வந்த முதல் ஸ்கிரீன்ஷாட்டை அண்ணி காட்டினாள். வலது பக்கத்தில் மேலே பெரிய எழுத்தில் 34 சதவீதம். அதன் கீழே வரிசையாக எண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், பக்கத்தில் ஒரு சிறிய சதவீதம். ஒன்றாம் எண் சிவப்பு, ஒன்பது சதவீதம். இரண்டாவது நீலம், ஆறு. அப்படியே இறங்கி இரண்டு, ஒன்று என்று தேய்ந்துகொண்டே போனது. இடது பக்கத்தில் ஆய்வேட்டின் ஒரு பக்கம். அதில் பாதிக்கு மேல் சிவப்பு.

"இதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நூத்துக்கு முப்பத்திநாலு பங்கு திருடின்னு போட்டிருக்கு."

"அப்படிப் போடலை. உங்க தீசிஸ்ல இருக்குற வார்த்தையில நூத்துக்கு முப்பத்திநாலு, வேற எங்கேயோ இருக்குற எழுத்தோட அப்படியே ஒத்துப்போகுது, அவ்வளவுதான். ஏன் ஒத்துப்போகுதுன்னு இதுக்குத் தெரியாது. தெர்மாமீட்டர் மாதிரி. நூத்திரெண்டுன்னு சொல்லும். மலேரியாவா, வெயில்ல நின்னாளான்னு சொல்லாது."

அண்ணியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தளர்வு வந்தது. தெர்மாமீட்டர் அவளுக்குப் பழகிய பாஷை.

"பின்னாடி எத்தனை ரெஃபரன்ஸ் கொடுத்திருக்கீங்க?"

"நூறுக்கு மேல இருக்கும்."

"அதே புத்தகத்தை, அதே கட்டுரையை வேற பத்துப் பேரும் அவங்க தீசிஸ்ல போட்டிருப்பாங்க இல்லையா. ஆசிரியர் பேர், தலைப்பு, வருஷம் எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கும். அதுவும் இதுல கூடிடும், அதை விட்டுடுன்னு மெஷின்ல வடிகட்டி போடலைன்னா. முதல் பக்கத்துல போடுற உறுதிமொழி, அது எல்லாருக்கும் ஒண்ணு. அதுவும் கூடும். வடிகட்டி போட்டாங்களா இல்லையான்னு முழு ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல இருக்கும். இந்தப் படத்துல அது வரலை. அதனால முப்பத்திநாலுல எவ்வளவு நிஜமான முப்பத்திநாலுன்னு என்னால சொல்ல முடியாது."

"இதை ஏன் என் கைடு சொல்லலை?"

"படத்தை மட்டும் அனுப்பிட்டாங்களா?"

"'அதிகம், சரி செய்யவும்'னு கீழ ஒரு வரி. அவங்க வெளியூர் மீட்டிங்ல இருந்தாங்க."

கண்ணாடி பெருமூச்சு விட்டாள். இந்த வேலையில் அவள் பார்த்த அழுகைகளில் பாதி, ஒரு படமும் ஒரு வரியும் சேர்ந்து வரவழைத்தவை.

"சரி. அப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?"

இங்கேதான் அண்ணி கொஞ்சம் தயங்கினாள்.

"உங்க அண்ணன் உதவி பண்ணினார்."

கண்ணாடியின் அண்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் தன் பக்கத்து பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்தபடி மடியில் குறுக்கெழுத்துப் போட்டிருப்பார். ஒரு சொல்லுக்கு நாலு சொல் அவரிடம் கையிருப்பில் உண்டு. வீட்டில் யாருக்கும் அது வேண்டியிருந்ததில்லை. இத்தனை வருஷம் கழித்து அதற்கு ஒரு தேவை வந்ததும் மனிதர் குதித்து இறங்கிவிட்டார்.

"வேலை முடிஞ்சு வந்து எனக்குக் கண்ணு சொருகும். அவர் உக்காந்து மாத்திக்கொடுப்பார். சிவப்பு இருக்குற இடத்துல எல்லாம் வார்த்தையை மட்டும் மாத்தினா போதும், மெஷினுக்குத் தெரியாதுன்னார். ஏதோ ஒரு இலவச வெப்சைட்டுல போட்டுப் பார்த்தார். ஒன்பதுன்னு காட்டுச்சு. அன்னைக்கு வீட்டுல ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்."

"அது தேடுற இடம் வேற, கைடு வச்சிருக்குறது தேடுற இடம் வேற. ரெண்டு எண்ணையும் பக்கத்துல வைக்கவே கூடாது. அதோட, அந்த மாதிரி இடத்துல முழு தீசிஸையும் ஏத்தினா அவன் அதை எங்க வச்சுக்குவான்னும் தெரியாது. இனிமே வேண்டாம்னு சொல்லுங்க."

"நீயே சொல்லு. என் பேச்சு எங்க எடுபடுது."

"இப்ப இருபத்திரெண்டு வந்த படம் எங்க?"

இரண்டாம் தடவை வழிகாட்டிப் பேராசிரியை மூன்று படங்கள் அனுப்பியிருந்தார். கீழே: "எண் குறைந்திருக்கிறது. நேரில் பேச வேண்டும்." அதைப் படித்ததும் கண்ணாடி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். எண் குறைந்ததற்கு யாரும் நேரில் கூப்பிட மாட்டார்கள்.

முதல் படத்தைப் பெரிதாக்கினாள். ஆய்வு எப்படிச் செய்யப்பட்டது என்று விவரிக்கும் பக்கம். சிவப்பு இருந்தது, ஆனால் முன்பு போலக் கட்டியாக இல்லை. ஒரு வரியில் ஐந்தாறு சொற்கள் சிவப்பு, நடுவில் ஒரு சொல் வெள்ளை, மறுபடி சிவப்பு, மறுபடி ஒரு வெள்ளை. பூச்சி அரித்த துணியைப் போல. கண்ணாடி அந்த வெள்ளை ஓட்டைகளை மட்டும் வாய்விட்டுப் படித்தாள்.

"பிணியாளர். சருமம். மஞ்சம்." நிறுத்தினாள். "உதிர நெருக்கடி. அண்ணி, உதிர நெருக்கடின்னா என்ன?"

அண்ணி கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்தது.

"ரத்த அழுத்தம்" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கினார்கள். அண்ணியால்தான் முதலில் முடியவில்லை. சிரித்துவிட்டு, கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பினால் வந்த ஈரம் மட்டும் அல்ல என்று நாத்தனாருக்குத் தெரிந்தது.

"புத்தகத்தோட பேரை மாத்தினாரா?"

"ரெஃபரன்ஸ்லயா? ஆரம்பிச்சார். நான் பிடுங்கிட்டேன்."

"கும்பிடுறேன் அண்ணி உங்களை. சரி, விளையாட்டு போதும். இதைப் பாருங்க. முழுசா சிவப்பா இருந்தா, பார்க்குறவங்க என்ன நினைப்பாங்க? இந்தப் பகுதி வேற இடத்துல இருந்து வந்திருக்கு, எங்க இருந்துன்னு சொல்லியிருக்காளான்னு பார்ப்பாங்க. சொல்லியிருந்தா விட்டுடுவாங்க. நீங்க சொல்லியிருக்கீங்களா?"

"அந்த முறையை யார் கண்டுபிடிச்சாங்களோ அவங்க பேரைப் போட்டிருக்கேன். மூணு இடத்துல."

"அப்ப அது அப்படியே இருந்திருக்கலாம். இல்லேன்னா மேற்கோள் குறி போட்டிருக்கலாம். இப்ப சிவப்புக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கு. வாக்கியம் அதே வாக்கியம், வார்த்தை மட்டும் வேற. தினமும் இதைப் பார்க்குறவங்களுக்கு இதுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். எடுத்ததை மறைச்சிருக்கான்னு. எண் குறையக் குறைய உங்க மேல சந்தேகம் கூடியிருக்கு."

அண்ணி, வார்டில் பெரிய டாக்டர் ஏதாவது சொல்லும்போது நிற்பதுபோல முதுகை நேராக்கி உட்கார்ந்தாள்.

கண்ணாடி இரண்டாவது படத்துக்குப் போனாள். அது ஆய்வேட்டின் கடைசியில் இணைத்திருந்த பிற்சேர்க்கை. ஒரு கட்டம் போட்ட அட்டவணை. படுக்கையிலேயே இருக்கும் நோயாளிக்குப் படுக்கைப்புண் வரும் ஆபத்து எவ்வளவு என்று அளக்கிற அளவுகோல் அது. உணர்வு, அசைவு, உணவு, தோலின் ஈரம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் நாலு வரை மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால் ஆபத்து அதிகம். அண்ணியின் ஆய்வே அதை வைத்துத்தான். இரண்டு வார்டுகளில் மாதக்கணக்கில் நோயாளிகளைப் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தாள்.

அந்தப் பக்கத்திலும் ஓட்டைகள்.

"இதையும் மாத்தினாரா?" கண்ணாடியின் குரல் இறங்கிவிட்டது.

"எது?" அண்ணி குனிந்து பார்த்தாள். "இல்லையே. இது பின்னாடி சேர்த்தது. இதுல கை வைக்கவே இல்லை. நாங்க நடுவுல இருக்குற..."

பேச்சு அங்கேயே நின்றது.

மற்ற இரண்டு படங்களையும் விட்டு அண்ணி அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஈரம் என்ற வரிசைக்குப் போனாள். பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு பழைய தாளை வெளியே எடுத்தாள். வார்டில் ஆய்வு முழுவதும் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த அளவுகோல். மடிப்புகளில் வெளுத்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தாள்.

"மூணு மார்க், எப்போதாவது ஈரம். நாலு மார்க், அரிதாக ஈரம்" என்று தாளைப் படித்தாள். பிறகு கைப்பேசியை. "மூணு மார்க், சில வேளை நனைவு. நாலு மார்க், எப்போதாவது நனைவு."

கண்ணாடிக்கு முதலில் விளங்கவில்லை. அண்ணியே விளக்கினாள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் நோயாளியை ஒப்படைக்கிற அதே குரலில்.

"எப்போதாவது ஈரமா இருந்த ஆளுக்கு நான் மூணு போட்டேன். இந்தத் தீசிஸைப் படிக்கிறவன், எப்போதாவதுன்னா நாலுன்னு நினைப்பான். இதைப் பார்த்து இன்னொரு வார்டுல இன்னொரு பொண்ணு நாலு போடுவா. ஆபத்து குறைவுன்னு நினைச்சு, ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கிறதைத் தள்ளிப் போடுவா." தாளைத் தொட்டுக் காட்டினாள். "இந்த அளவுகோலைச் செஞ்சவங்ககிட்ட நான் அனுமதி வாங்கினேன். ஒரு வார்த்தைகூட மாத்தக்கூடாதுங்கிறதுதான் அவங்க போட்ட ஒரே நிபந்தனை. அந்த அனுமதியையும் அடுத்த பக்கத்துலயே சேர்த்திருக்கேன்."

கண்ணாடி தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வேற எங்க இருக்குற அளவுகோலோடயும் ஒத்துப்போகத்தான் வேணும்" என்றாள் கண்ணாடி மெதுவாக. "இங்க சிவப்பு இல்லாம இருந்தாத்தான் தப்பு. உங்க கைடு தொண்ணூறு பக்கத்துல இந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து அனுப்பியிருக்காங்கன்னா, அவங்க எண்ணைப் பத்திப் பேசக் கூப்பிடலை அண்ணி. நீங்க எந்த அளவுகோலை வச்சு அளந்தீங்கன்னு கேக்கக் கூப்பிடுறாங்க."

அண்ணி தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். மடிப்பு பழைய மடிப்பின் மேலேயே விழுந்தது. ஊசி போட்டுப் பழகிய கை.

"மூணாவது படம்?" என்றாள்.

மூன்றாவதில் சிவப்பே இல்லை. பக்கத்தின் நடுவில் ஐந்து வரி, பச்சை. ஓட்டை ஒன்றுகூட இல்லை. ஆறாம் எண், இரண்டு சதவீதம்.

"இதை உங்க அண்ணன் தொடலை. ரெண்டுதானே, விடுன்னார்."

"இது யார் எழுதினது?"

அண்ணி படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். காதோரம் சிவந்தது.

"முதல் வருஷம் ஒரு கட்டுரையில இருந்து குறிப்பு எடுத்தேன். அப்படியே எழுதி வச்சிருந்தேன் போல. அப்புறம் என் குறிப்புன்னு நினைச்சு இதுல போட்டுட்டேன். பேர்கூடப் போடலை." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப நான் காப்பி அடிச்சிருக்கேன்."

"இந்த அஞ்சு வரி, ஆமா" என்றாள் கண்ணாடி. பூசி மெழுக அவளுக்குத் தெரியாது. அண்ணியிடம் பூசி மெழுகினாலும் எடுபடாது. "முப்பத்திநாலுலயும் நிஜமா நீங்க பதில் சொல்ல வேண்டியது இந்த ரெண்டுதான். மத்ததெல்லாம் விளக்கினா தீரும். இதை விளக்க முடியாது. திரும்ப எழுதணும். கட்டுரையை மூடி வச்சுட்டு, உங்களுக்குப் புரிஞ்சதை உங்க வாயால எழுதி, யாரோட கருத்துன்னு பேர் போடணும்."

"உன்னால இதை உங்க மெஷின்ல போட்டு, என்ன வருதுன்னு..."

"மாட்டேன். நீங்க எங்க மாணவி இல்லை. நான் ஏத்தி அது எங்க சேமிப்புல நின்னுடுச்சுன்னா, நாளைக்கு உங்க கைடு போடும்போது உங்க தீசிஸ் உங்க தீசிஸோடயே நூத்துக்கு நூறு ஒத்துப்போகும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போய் நிக்கணும்."

"இவ்வளவு கறாரா இருக்கியே, உன்னை யார் கட்டிக்கப் போறான்."

"அதை அப்புறம் பார்க்கலாம். வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

அவர்கள் போனபோது அண்ணன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மனைவிக்கு மறுநாள் பரீட்சை போல என்று அவராகவே சமையலை எடுத்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு வந்தார்.

"என்ன, இருபத்திரெண்டு மோசமில்லையே? இன்னும் ஏழுதானே. ராத்திரிக்குள்ள தட்டிடுறேன். 'மருத்துவமனை'க்கு இன்னும் ரெண்டு வார்த்தை என்கிட்ட இருக்கு."

"அண்ணா, பின்னாடி இருக்குற அட்டவணையை நீ மாத்தினியா?"

"ஆமா. உங்க அண்ணி தூங்கிட்டா. அதுல பார்த்தா முழுக்க சிவப்பு. ஒரே பக்கத்துல எவ்வளவு குறைஞ்சுது தெரியுமா?"

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது சுலபமாக இல்லை. அண்ணிதான் சொன்னாள். சத்தம் போடாமல், உறையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்து, மூன்றையும் நாலையும் விரலால் காட்டிச் சொன்னாள். அண்ணன் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையையும் படித்தார். குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பார்ப்பதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"நான் ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதானே போட்டேன்" என்றார். பிறகு அந்த வரிசையில் விரலை வைத்து, "எப்போதாவதுங்கிறது ரெண்டு இடத்துலயும் பொருந்துச்சு" என்றார்.

வெங்காய வாசனை கண்ணில் ஏறியது. அதனால் யாருடைய கண் ஏன் கலங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றார் கடைசியில். "நான்தான் மாத்தினேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுறேன்."

"வேண்டாம்."

"ஏன்? உண்மைதானே."

"தீசிஸ் அட்டையில யார் பேர் இருக்கு?" என்றாள் அண்ணி. "வார்டுல ஒரு மருந்து தப்பாப் போச்சுன்னா, யார் எடுத்துக்கொடுத்தான்னு கேக்க மாட்டாங்க. யார் கையெழுத்துப் போட்டான்னுதான் கேப்பாங்க. வீட்டுல ஒருத்தர் உதவி பண்ணினார், அதை நான் திரும்பப் படிச்சுப் பார்க்கலைன்னு சொல்லுவேன். அதுதான் நடந்தது."

அண்ணன் திரும்பிப் போய் மிச்ச வெங்காயத்தை நறுக்கினார்.

சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் தான் மாற்றிய ஒவ்வொரு சொல்லையும் நினைவிலிருந்து சொன்னார். எந்தப் பக்கம், எந்த வரி, முன்பு என்ன இருந்தது என்று ஒன்றுகூடத் தவறவில்லை. அண்ணி பழைய பிரதியோடு ஒப்பிட்டுத் திரும்பப் போட்டாள். பிணியாளர் நோயாளியானார். சருமம் தோலானது. உதிர நெருக்கடி தீர்ந்து ரத்த அழுத்தம் வந்து சேர்ந்தது. முறையை விவரிக்கும் இடத்தில் அப்படியே எடுத்திருந்த வாக்கியங்களுக்கு மேற்கோள் குறி போட்டாள். அளவுகோலைத் தாளில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தாள்.

"இப்ப திரும்ப முப்பதைத் தாண்டும் இல்ல?" என்று கேட்டார் அண்ணன்.

"தாண்டும்" என்றாள் கண்ணாடி.

"அதைத் தெரிஞ்சே கொண்டுபோகணுமா?"

"தெரிஞ்சேதான்" என்றாள் அண்ணி. தலையைத் தூக்கவில்லை. பச்சை ஐந்து வரியை அழித்துவிட்டு, கட்டுரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் சொல்லுக்காகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு சொல் எடுத்துக்கொடுக்க முன்னால் சாய்ந்தார். கண்ணாடி மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள். அவருக்குப் பழக்கமான இடம்தான், பிரேக் இருக்கும் இடம். நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நூலகத்தில் வழக்கமான கூட்டம். காலையில் வந்த பையன் ஒருவன் "எத்தனை?" என்றான். பதினொன்று என்றதும் துள்ளிக் குதித்துக்கொண்டு போனான். பதினொன்றில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் போகிறானே என்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள் கண்ணாடி. அடுத்து வந்த பெண்ணிடம் எண்ணைச் சொல்வதற்கு முன் உட்காரச் சொன்னாள். கைப்பேசி மேஜையில் கிடந்தது. அதை அவள் பார்க்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை.

மதியம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. நல்ல செய்தியானால் இவ்வளவு நேரமா என்று ஒரு மனம். கெட்ட செய்தியானால் அண்ணி நேராக இங்கேதான் வருவாள் என்று இன்னொரு மனம். தேநீர் வந்தது, ஆறியது.

நாலு மணி வாக்கில் ஒரு படம் வந்தது. கண்ணாடி உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள்.

வலது மேல் மூலையில் 32 சதவீதம். இடது பக்கத்தில் அளவுகோல் பக்கம், மேலிருந்து கீழ் வரை முழுச் சிவப்பு. ஓர் ஓட்டை இல்லை.

அடுத்த படம் வர ஒரு நிமிஷம் ஆனது. அதே அறிக்கை. ஆனால் மேற்கோள் நூல் பட்டியலும் மேற்கோள் குறிக்குள் இருப்பவையும் அளவுகோல் பக்கமும் நீக்கப்பட்டவை. 12 சதவீதம். பட்டியலில் பச்சை இல்லை.

பிறகு அண்ணியே கூப்பிட்டாள். பின்னணியில் பேருந்து உறுமுகிற சத்தம்.

"ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டாங்கம்மா. வார்டுல நான் மார்க் போட்ட தாளை எல்லாம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போய்க் கொண்டுவரச் சொல்லி, மத்தியானத்துக்கு மேல நடுநடுவுல உருவி எடுத்து, இந்த ஆளுக்கு ஏன் மூணு, இந்த ஆளுக்கு ஏன் ரெண்டுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. எல்லாருமே எனக்கு ஞாபகம் இருந்தாங்க. மூஞ்சியோட. அதுக்கு அப்புறம்தான் மெஷின்லயே ஏத்தினாங்க."

"மாத்தினதைப் பத்தி?"

"நாம பேசினதைத்தான் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. அந்த அஞ்சு வரியைப் பத்தி அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன். அப்பதான் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பார்த்தாங்க. 'இதுக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்'னாங்க. முப்பத்திரெண்டு வந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். 'முதல்ல எல்லாத்தையும் சேர்த்துப் பார்ப்பேன், அப்புறம்தான் கழிப்பேன், அது என் வழக்கம்'னு சொல்லிட்டு ஒவ்வொண்ணாக் கழிச்சாங்க."

"கையெழுத்து?"

"போட்டாங்க. தேதி போட மறந்துட்டாங்க. பாதிப் படி இறங்கிட்டு, திரும்ப ஏறிப் போய் வாங்கினேன்."

கண்ணாடி நாற்காலியில் சாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டிடத்தின் சுவரில் வெயில் பாதிக்கு இறங்கியிருந்தது.

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். முதல் கேள்வி என்ன கேட்டார் தெரியுமா? 'எத்தனை?'"

"என்ன சொன்னீங்க?"

"முப்பத்திரெண்டுன்னு சொல்லிட்டு ஃபோனை வச்சுட்டேன். வீட்டுக்குப் போற வரைக்கும் உக்காந்து யோசிக்கட்டும்."

கதவருகில் ஒரு மாணவி வந்து நின்றாள். கையில் கைப்பேசி, முகம் வெளுத்திருந்தது. கண்ணாடி பேச்சை முடித்துக்கொண்டு எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினாள்.